பச்சைச் சளி பயமுறுத்தும், வெள்ளைச் சளி ஏமாற்றும்: நிறம் சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் லோரி ஓட்டுநர், வயது 34. ஐந்து நாளாக இருமல். முதல் இரண்டு நாள் தண்ணீர் போல வந்த சளி, இப்போது காலையில் எழுந்ததும் நல்ல பச்சையாக வருகிறது. மற்றவர் அவருடைய தாய்மாமன், வயது 58. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக இனிப்பு நீர் இருக்கிறது. அவருக்கும் இருமல்தான், ஆனால் அது தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. வரும் சளி கொஞ்சம்தான், அதுவும் வெள்ளை.

"என் சளி வெள்ளையாத்தான் இருக்கு மாப்ள. உனக்குத்தான் பச்சை. நீ முதல்ல டாக்டரைப் போய்ப் பாரு" என்று மாமா சொல்கிறார். மருமகனும் கிளினிக்குக்கு ஓடுகிறார். மாமா வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

இவர்கள் நாம் கற்பனையாக அமைத்துக்கொண்ட இருவர். ஆனால் இப்படிப்பட்ட மாமாவும் மருமகனும் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்து அடுக்குமாடியிலும் உண்டு. இந்த இருவரில் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டியவர் மாமாதான். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எந்தச் சளியைப் பற்றிப் பேசுகிறோம்?

தமிழில் நாம் 'சளி' என்ற ஒரே சொல்லால் மூன்றைச் சொல்லிவிடுகிறோம். மூக்கு ஒழுகினாலும் சளி, மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கிக் காறித் துப்புவதும் சளி, நெஞ்சிலிருந்து இருமி வெளியே வருவதும் சளி. இதில் மூன்றாவதைத்தான் பழைய ஆட்கள் 'கோழை' என்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் மலாயில் 'கஹாக்' என்று கேட்பதும் இதைத்தான்.

டாக்டர் "சளி என்ன நிறம்?" என்று கேட்கும்போது நெஞ்சுச் சளியை மனத்தில் வைத்துக் கேட்கிறார். நாம் மூக்குச் சளியை நினைத்துப் பதில் சொல்லிவிடுகிறோம். பரிசோதனைக்கு டப்பா கொடுத்தாலும் இதே குழப்பம்தான். பலர் அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நெஞ்சிலிருந்து இருமி வருவதையே இந்தக் கட்டுரையில் சளி என்கிறோம்.

பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது?

சளி பச்சையானதற்குக் காரணம் பச்சை நிறக் கிருமி என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தப் பச்சை பெரும்பாலும் நம் உடம்பிலிருந்தே வருகிறது.

மூச்சுக்குழாயில் தொல்லை ஏற்பட்டதும் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு வருகின்றன. அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் முதலில் வந்து சேரும். இந்த அணுக்களுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி நிறைய இருக்கிறது. கிருமியைக் கொல்ல உடம்பு பயன்படுத்தும் ஆயுதங்களில் அது ஒன்று. அதில் இரும்புச்சத்து இருப்பதால் அதன் இயல்பான நிறமே பச்சை. 1941-இல் அதைப் பிரித்தெடுத்த சுவீடன் நாட்டு ஆய்வாளர், பச்சை என்ற பொருள் வரும்படி 'வெர்டோபெராக்சிடேஸ்' என்றுதான் முதலில் பெயர் வைத்தார்.

வெள்ளை அணுக்கள் குறைவாக இருந்தால் சளி வெள்ளையாக இருக்கும். அவை கூடக் கூட மஞ்சளாகும், இன்னும் கூடினால் பச்சையாகும். இரவெல்லாம் நெஞ்சில் தங்கியிருந்த சளி காலையில் கெட்டியாகவும் நிறம் கூடியும் வருவதும் இதனால்தான். பகலில் அதே ஆளின் சளி வெளிறிப்போயிருக்கும்.

ஆகவே பச்சைச் சளி சொல்லும் செய்தி ஒன்றுதான்: அங்கே வெள்ளை அணுக்கள் நிறைய வந்திருக்கின்றன. யாரை எதிர்த்து வந்திருக்கின்றன என்பதை அந்த நிறம் சொல்லாது. வைரஸ் வந்தாலும் அவை வரும், பாக்டீரியா வந்தாலும் வரும். சாதாரணத் தடிமனில் சளி முதலில் தண்ணீராகவும், பிறகு மஞ்சளாகவும், பச்சையாகவும் மாறி, மறுபடி வெளுத்துக் குறைவது வழக்கமான போக்கு.

241 பேரின் சளியில் கண்டது

இந்த வேறுபாடு முக்கியமாவது ஆன்டிபயாட்டிக் விஷயத்தில்தான். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது.

ஜெர்மனியில் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், திடீர் இருமலோடு கிளினிக்குக்கு வந்த 241 பேரின் சளியை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். அவர்களில் 28 பேருக்கு மட்டுமே பாக்டீரியா தொற்று உறுதியானது. மஞ்சள் அல்லது பச்சைச் சளி வந்தவர்களோ ஏறத்தாழ 137 பேர். அந்த 137 பேரில் பாக்டீரியா தொற்று இருந்தது சுமார் 22 பேருக்குத்தான். மற்ற 115 பேரின் சளியும் நிறமாகத்தான் இருந்தது, ஆனால் பாக்டீரியா தொற்று உறுதியாகவில்லை. இன்னொரு பக்கம், சளி நிறமில்லாமல் இருந்தும் பாக்டீரியா தொற்று உள்ளவர்கள் ஆறு பேர் இருந்தார்கள்.

அதாவது நிறத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுத்திருந்தால், ஆறு பேருக்குக் கொடுத்ததில் ஐந்து பேருக்கு அது வீண்.

ஐரோப்பாவின் 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இருமல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு 2011-இல் வெளியானது. நிறச் சளி வந்தவர்களுக்கு டாக்டர்கள் அதிகமாக ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் குணமானார்கள்.

நம் லோரி ஓட்டுநரின் நிலை இதுதான். வேறு நோய் இல்லாதவர், ஐந்து நாள் இருமல், மூச்சுத் திணறல் இல்லை, காய்ச்சல் லேசாக வந்து போய்விட்டது. டாக்டர் நெஞ்சை வைத்துக் கேட்டுப் பார்த்து, நுரையீரல் சத்தம் சரியாக இருந்தால், ஆன்டிபயாட்டிக் இல்லாமலே அனுப்பிவிடலாம். "பச்சையா வருதே டாக்டர், மருந்து குடுக்கலையே" என்று அவர் வருத்தப்பட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இருமல் முழுதும் அடங்கச் சராசரியாக 18 நாள் வரை ஆகும். நாம் ஒரு வாரத்தில் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் அவசரப்படுகிறோம்.

நிறத்தை அலட்சியம் செய்யக் கூடாத இடங்கள்

நிறத்துக்கு அர்த்தமே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. சில இடங்களில் அது உண்மையாகவே பேசும்.

முதலாவது, பல ஆண்டு புகைபிடித்து நுரையீரல் கெட்டுப்போனவர்கள். சிஓபிடி என்று டாக்டர்கள் சொல்லும் நாட்பட்ட நுரையீரல் நோய் இது. இவர்களுக்குத் தினமும் கொஞ்சம் சளி வருவது வழக்கம். அந்தச் சளி வழக்கமாக வெள்ளையாக இருந்து, திடீரென்று பச்சையாக மாறி, அளவும் கூடி, மூச்சு வாங்குவதும் அதிகமானால், பாக்டீரியா பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். இவர்களுக்கு டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது நியாயம். இங்கே கவனிக்க வேண்டியது நிறம் வழக்கத்திலிருந்து மாறியதா என்பதைத்தான்.

இரண்டாவது, இரத்தம். இரும்புத் துரு போன்ற செம்பழுப்புச் சளியோடு கடுங்காய்ச்சலும் நெஞ்சுவலியும் வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். சளியில் இரத்தக் கோடு தெரிந்தாலோ, இரத்தமாகவே வந்தாலோ, காசநோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்தல் என்று பல காரணங்கள் இருக்கலாம். பல நாள் பலமாக இருமியதால் தொண்டை கீறியும் ஒரு கோடு வரலாம். எது என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, இளஞ்சிவப்பு நுரை. இது தொற்றே இல்லை. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்கும்போது வரும். மூச்சுத் திணறலோடு இப்படி நுரை வந்தால் காத்திருக்கக் கூடாது, 999-ஐ அழைக்க வேண்டும்.

நம்மை ஏமாற்றும் சிவப்பும் உண்டு. வெற்றிலை பாக்கு போடுபவர்களின் துப்பல் சிவப்பாகத்தான் இருக்கும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, சிறிது நேரம் கழித்து இருமிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர், வியர்வை, கண்ணீர், சளி எல்லாமே ஆரஞ்சு நிறமாகும். அது மருந்தின் நிறம், இரத்தம் இல்லை. புகைமூட்டக் காலத்திலும் விறகுப் புகையிலும் சளி சாம்பலாகவோ கறுப்பாகவோ வரலாம்.

மாமாவின் வெள்ளைச் சளி

இப்போது மாமாவிடம் வருவோம். காசநோய்க்கு என்று தனி நிறம் கிடையாது. காசநோய்ச் சளி வெள்ளையாக இருக்கலாம், மஞ்சளாக இருக்கலாம், இரத்தம் கலந்திருக்கலாம். தொடக்கத்தில் சளியே இல்லாத வறட்டு இருமலாகவும் இருக்கலாம். இரத்தம் வந்தால்தான் காசநோய் என்பது பழைய சினிமா பார்த்து நாம் கற்றுக்கொண்ட தவறான பாடம்.

காசநோயைச் சந்தேகிக்க வைப்பது நாள் கணக்குதான். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் நாட்டு நடைமுறை. அதோடு மாலையில் லேசான காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, பசியின்மை, உடல் மெலிதல், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது.

சாதாரண இருமலே 18 நாள் இழுக்கும் என்றோமே, பிறகு ஏன் இரண்டு வாரத்தில் சோதனை என்று கேட்கலாம். கேள்வி சரிதான். இரண்டு வாரம் தாண்டிய இருமல் பலவும் காசநோயாக இருக்காது. ஆனால் காசநோய் உள்ளவர் தெரியாமல் வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும், அதே அறையில் தூங்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது பரவ வழி கிடைக்கிறது. அதனால்தான் சந்தேகத்தைச் சீக்கிரமே தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மலேசியாவில் ஆண்டுக்கு 25,000-க்கும் மேற்பட்ட காசநோய்ச் சம்பவங்கள் பதிவாகின்றன. நீரிழிவு உள்ளவருக்கு இந்த நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவர். மாமாவின் வெள்ளைச் சளியை நாம் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு இதுதான் காரணம்.

சளி எப்போது ஆய்வுக்கூடத்துக்குப் போகும்?

திடீர் இருமல் என்று வரும் எல்லாருடைய சளியையும் அனுப்புவதில்லை. அதற்குச் செலவு மட்டும் காரணமில்லை. நம் வாயிலும் தொண்டையிலும் எப்போதும் பாக்டீரியா குடியிருக்கிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவரின் சளியை வளர்த்துப் பார்த்தாலும் ஏதாவது ஒன்று வளரும். அதைக் கண்டு தேவையில்லாத மருந்து கொடுக்க நேரிடும்.

டாக்டர் சளியைக் கேட்பது பொதுவாக இந்த நிலைகளில்தான்:

• இருமல் இரண்டு வாரம் தாண்டி, காசநோய் சந்தேகம் வரும்போது.

• நிமோனியா கடுமையாகி மருத்துவமனையில் சேர்க்கும்போது.

• ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் குணமாகாதபோது.

• சிஓபிடி போன்ற நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு அடிக்கடி தொற்று வரும்போது.

• நீரிழிவு உள்ளவர், மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்கிறவர், கடுங்காய்ச்சலோடு நிமோனியாவாக வரும்போது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியோடோசிஸ் என்ற நோய் நம் நாட்டில் இருக்கிறது. வழக்கமான பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அது கட்டுப்படாது. "தோட்டத்தில் வேலை, சேற்றில் நின்றேன்" என்று டாக்டரிடம் நாமாகச் சொல்வது இங்கே பெரிய உதவி.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை இரண்டு மூன்று நாள் விழுங்கிவிட்டு அதன் பிறகு சளி கொடுத்தால், ஆய்வுக்கூடத்தில் கிருமி வளராமல் போகலாம். சில வகை ஆன்டிபயாட்டிக், காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைத்து, நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் மருந்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

டப்பாவில் எச்சில் வேண்டாம்

சளியைச் சரியாக எடுக்காவிட்டால் எவ்வளவு நல்ல ஆய்வுக்கூடமும் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் எழுந்ததும் வரும் முதல் சளிதான் சிறந்தது, இரவு முழுதும் சேர்ந்திருக்கும். சாப்பிடுவதற்கு முன் வெறும் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். கிருமிநாசினி வாய்க்கழுவியைப் பயன்படுத்தக் கூடாது.

பிறகு வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், மற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல் நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து, சற்று நிறுத்தி விட்டு, அடிவயிற்றிலிருந்து பலமாக இருமி, வருவதை நேராக டப்பாவில் துப்ப வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது 3 முதல் 5 மில்லிலிட்டர் தேவை. கெட்டியாக, ஒட்டும் தன்மையோடு இருந்தால் அது சளி. தண்ணீராக, குமிழியோடு இருந்தால் எச்சில். எச்சிலாக இருந்தால் மறுபடி முயல வேண்டும்.

மூடியை இறுக்கி மூடி, பெயர் ஒட்டுத்தாள் டப்பாவின் உடம்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியில் ஒட்டினால், மூடியைக் கழற்றிய பிறகு யாருடையது என்று தெரியாமல் போகும். அன்றே, கூடுமான விரைவில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகக் கூடாது. சூட்டில் வாய்க் கிருமிகள் பெருகி, தேடும் கிருமியை மூடிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரணத் தொற்று என்றால் முதலில் மைக்ரோஸ்கோப்பில் மாதிரியின் தரத்தைப் பார்ப்பார்கள். வாயின் உட்தோலிலிருந்து உதிரும் செல்கள் நிறைய இருந்து, வெள்ளை அணுக்கள் குறைவாக இருந்தால் அது எச்சில் என்று தள்ளிவிடுவார்கள். "மறுபடி கொடுங்கள்" என்று கிளினிக்கில் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். தேறிய மாதிரியை வளர்த்துப் பார்க்க ஒன்று இரண்டு நாளும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அறிய மேலும் ஒரு நாளும் ஆகும்.

காசநோய்க்கு வேறு வழி. பொதுவாக இரண்டு மாதிரி கேட்பார்கள், ஒன்றாவது காலைச் சளியாக இருக்க வேண்டும். சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது விரைவானது. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் அது கண்ணில் படும். ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற கருவி கிருமியின் மரபணுவைத் தேடி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பதில் தருவதோடு, ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லும். வளர்த்துப் பார்ப்பதுதான் மிக நுட்பமான சோதனை. காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வதால் 'இல்லை' என்று முடிவாகச் சொல்ல ஆறு வாரம் வரை ஆகும்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, முதல் சோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்தால் கதை முடிந்துவிட்டது என்று பொருளில்லை. எக்ஸ்ரேயையும் உடல் மெலிவையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் மறுபடி வரச் சொன்னால் போக வேண்டும்.

மாமாவுக்கு என்ன செய்ய வேண்டும்?

மருமகன் அடுத்த நாள் மாமாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகட்டும். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மூன்று வாரமாக இருமல், இனிப்பு நீர் இருக்கிறது." நிறத்தைக் கேட்டால் மட்டும் சொன்னால் போதும். சளி சோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

காசநோய் என்று வந்தால் ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. விடாமல் சாப்பிட்டால் குணமாகும் நோய் இது. வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துச் சோதிப்பார்கள். இல்லை என்று வந்தால், இருமலுக்கு வேறு காரணம் தேடலாம், வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

அதற்குள் மருமகனின் பச்சைச் சளி தானாகவே வெளுத்துப் போயிருக்கும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குறையாத கடுங்காய்ச்சல், இரத்தம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று வந்தால் மட்டும் அவர் உடனே திரும்பிப் போக வேண்டும். அவருடைய இருமலும் இரண்டு வாரத்தைத் தாண்டினால், நிறம் எதுவாக இருந்தாலும், மாமாவைப் போலவே அவரும் டப்பாவில் சளி கொடுக்க வேண்டியதுதான்.